டெல்டா மேற்பொருந்துதலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கீழக்கரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காகக் கனிம வேதியியல் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரீனியம் அணைவான [Re₂Cl₈]²⁻ வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. ‘நாற்பிணைப்பு’ என்ற சொல்லில் எனக்குத் தயக்கமில்லை. முப்பிணைப்பு பள்ளியிலேயே பழகிய சொல், அதன் அடுத்த படி இது. தடுமாற்றம் அந்த நாலாவது பிணைப்பில்தான். சிக்மாவுக்கு நேர்கோட்டு மேற்பொருந்துதல், பைக்குப் பக்கவாட்டு மேற்பொருந்துதல் என்று பிள்ளைகள் படித்துவிட்டு வருகிறார்கள். டெல்டாவுக்கு ‘இரட்டைப் பக்கவாட்டு மேற்பொருந்துதல்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். மனசுக்கு ஒப்பவில்லை. வேறு சொல் உண்டா?

தொண்டியிலிருந்து:

அக்கா, ‘இரட்டைப் பக்கவாட்டு’ வேண்டாம். ரெண்டு பை பிணைப்பு இருக்கிறது என்று படித்துவிடுவார்கள். அந்த அணைவில் உண்மையிலேயே ரெண்டு பை இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். dxy ஆர்பிட்டாலுக்கு நாலு மடல். அதனால் ‘நான்மடல் மேற்பொருந்துதல்’ என்று வைக்கலாம்.

அதோடு டெல்டாதான் உலோகங்களை இறுக்கிப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள். மாலிப்டினம் சல்பேட்டில் இது தெளிவாகத் தெரியும். [Mo₂(SO₄)₄]⁴⁻ அயனியில் உலோக இடைவெளி சுமார் 2.11 ஆங்ஸ்ட்ராம். டெல்டாவிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் 2.17 ஆகிறது. ஈனிகள் நேருக்கு நேர் நிற்பதும் டெல்டாவால்தான். எங்கே நேருக்கு நேர் நிற்கிறதோ அங்கே டெல்டா இருக்கிறது என்றே எழுதலாம்.

தேவிபட்டினத்திலிருந்து:

‘இருபடிச் சேர்மம்’ என்ற சொல்லைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அது எங்கள் ஆய்வகத்தில் புழங்குகிற சொல்தான். குரோமியம்(II) அசிட்டேட்டும் இருபடிதான், அதைச் செய்முறையில் தயாரிக்கிறோம். குரோமியம்(III) குளோரைடு கரைசலில் துத்தநாகத்தையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்தால் பச்சை போய் வான்நீலம் வரும். குடுவையில் சேரும் ஹைட்ரஜனின் அழுத்தத்தாலேயே அந்த நீலக் கரைசலைக் குழாய் வழியே சோடியம் அசிட்டேட் தெவிட்டிய கரைசலுக்குள் தள்ளுகிறோம். செங்கல் சிவப்பில் வீழ்படிவு இறங்கும். வடிகட்டி வைத்தால் மறுநாளைக்குள் சாம்பல் கலந்த பச்சையாகிவிடுகிறது. கடற்காற்றின் உப்புதான் கெடுக்கிறதா? சிவப்பாக இருக்கும்போதே காந்தத் தராசில் வைத்தாலும் கொஞ்சம் ஈர்ப்பு காட்டுகிறது. நாற்பிணைப்பு என்றால் ஈர்ப்பே இருக்கக் கூடாதே?

மண்டபத்திலிருந்து:

தேவிபட்டினம் தம்பிக்கு முதலில். கெடுப்பது உப்பில்லை, ஆக்சிஜன். ஈரம் அதற்குத் துணை போகிறது. வீழ்படிவு நனைந்திருக்கும் வரைதான் ஆபத்து அதிகம். கழுவுகிற தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். பிறகு ஆல்கஹால், கடைசியில் ஈதர் என்று கழுவி உடனே உலர்த்தி, காற்றில்லாமல் மூடி வையுங்கள். கொஞ்சமாகக் காட்டும் ஈர்ப்பு அநேகமாக மிச்சம் இருக்கிற Cr³⁺ காட்டுவது. அதில் இணையாத எலக்ட்ரான்கள் மூன்று. பச்சைச் சாயல் முழுக்கப் போகும் முன்பே கரைசலைத் தள்ளினால் அது கூடவே வந்துவிடும். தனித்த Cr²⁺ இந்தச் சூழலில் நாலு இணையாத எலக்ட்ரான்களோடு நின்றிருக்கும், ஈர்ப்பு பலமாகத் தெரிந்திருக்கும். அப்படித் தெரியவில்லை என்பதே ரெண்டு குரோமியமும் கைகோத்திருப்பதற்குச் சான்று.

இனி கீழக்கரை கேட்டதற்கு வருகிறேன். சொல்லைத் தேடும் முன் ரீனியத்தில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு Re³⁺ அயனியும் நாலு d எலக்ட்ரான்களைக் கொண்டுவருகிறது, ஆக எட்டு. சிக்மாவுக்கு ரெண்டு, பைகளுக்கு நாலு, டெல்டாவுக்கு ரெண்டு. ரீனியங்களின் இடைவெளி 2.24 ஆங்ஸ்ட்ராம்தான். அவ்வளவு நெருக்கத்தில் எதிரெதிர்க் குளோரின்கள் ஒன்றையொன்று தள்ளும். அவற்றின் இடைவெளி சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம், அவை வசதியாக நிற்க 3.6 வேண்டும். ஒரு முனையை 45 பாகை திருகினால் நெருக்கடி குறைந்துவிடும். ஆனாலும் மூலக்கூறு திருகிக்கொள்ளவில்லை. 1964இல் காட்டன் நாற்பிணைப்பை முன்வைத்தபோது விளக்க வேண்டியிருந்தது இதைத்தான்.

திருகலைத் தடுப்பது சிக்மா அல்ல, அது அச்சைச் சுற்றி எப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். பைகளும் அல்ல, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவையும் அப்படியே. மிஞ்சுவது டெல்டா ஒன்றுதான். வகுப்பில் காட்ட ரெண்டு அட்டைகளில் நாலு மடல் வரைந்து, மாறிமாறிக் கூட்டல், கழித்தல் குறி போட்டு, நடுவில் குண்டூசி குத்துங்கள். நேராக வைத்தால் கூட்டலோடு கூட்டலும் கழித்தலோடு கழித்தலும் சேரும். 45 பாகை திருப்பினால் ஒவ்வொரு மடலும் பாதி கூட்டலையும் பாதி கழித்தலையும் பார்க்கும், மொத்தம் சுழி. திருகல் கோணம் χ என்றால், இடையில் மேற்பொருந்துதல் cos 2χ அளவில் குறையும். 10 பாகையில் 0.94 இருக்கிறது, 30 பாகையில் பாதிதான். சிறு திருகலால் பெரிய நட்டமில்லை என்பதும் இதிலேயே தெரியும்.

தொண்டி தம்பி சொன்னதில் பாதி சரி. சல்பேட் எண்கள் சரியானவை. ஆனால் டெக்னீசியத்தைப் பாருங்கள். [Tc₂Cl₈]²⁻ நாற்பிணைப்பு கொண்டது, இடைவெளி சுமார் 2.15. ஓர் எலக்ட்ரான் கூடுதலாக எதிர்ப்பிணைப்பு டெல்டாவில் ஏறிய [Tc₂Cl₈]³⁻ அயனியில் பிணைப்புத் தரம் 3.5, நீளமோ சுமார் 2.11. தரம் குறைந்தும் நீளம் குறைகிறது! டெல்டா மேற்பொருந்துதல் மிகச் சிறியது, எதிர்ப்பிணைப்பின் கேடும் அதற்கேற்ற அளவுதான். உலோகத்தின் நேர்மின்சுமை குறையும்போது d ஆர்பிட்டால்கள் விரிந்து சிக்மாவும் பையும் வலுப்படுகின்றன. அந்த லாபம் நட்டத்தை மிஞ்சிவிடுகிறது. அதனால் நீளத்தை மட்டும் வைத்து டெல்டாவை எடைபோடக் கூடாது.

நேருக்கு நேர் நின்றாலே டெல்டா என்பதும் நிற்காது. Rh₂(OAc)₄ அணைவில் ஒற்றைப் பிணைப்புதான், டெல்டாவின் பங்கு சுழி. ஆனாலும் நேருக்கு நேர்தான் நிற்கிறது, அசிட்டேட் பாலங்கள் அப்படிக் கட்டிப்போட்டிருக்கின்றன. பாலமில்லாத ரீனியம் குளோரைடில்தான் அந்த வாதம் செல்லும். கூடவே அதன் நீல நிறத்தையும் சொல்லுங்கள். டெல்டாவிலிருந்து எதிர்ப்பிணைப்பு டெல்டாவுக்கு எலக்ட்ரான் தாவ 14,700 செ.மீ⁻¹ அளவு போதும், அதாவது 680 நானோமீட்டர் சிவப்பொளி. இடைவெளி இவ்வளவு சிறியதாக இருப்பதே டெல்டா வலுவற்றது என்று காட்டுகிறது.

‘நான்மடல்’ எனக்கு உடன்பாடில்லை. பை உண்டாக்கும் dxz ஆர்பிட்டாலுக்கும் நாலு மடல்தானே? வேறுபாடு மடல்களின் எண்ணிக்கையில் இல்லை, எத்தனை இடத்தில் சேர்கின்றன என்பதில் இருக்கிறது. சிக்மாவில் ஓரிடம், பையில் ஈரிடம், டெல்டாவில் நாலிடம். ‘நாலிட மேற்பொருந்துதல்’ என்பது என் பரிந்துரை.

தொண்டியிலிருந்து:

சார், dxz விஷயம் சரி, ‘நான்மடலை’ விட்டுவிடுகிறேன். ரோடியத்தை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் ‘நாலிடம்’ என்றதும் நாலு அணு சேர்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். டைபோரேனில் ‘மூன்று மையம்’ படித்த பிள்ளைகள் அவர்கள். ரெண்டு தட்டுகள் முகம் பார்த்து நிற்பது சொல்லில் வர வேண்டும். ‘முகமெதிர் மேற்பொருந்துதல்’ எப்படி?

மண்டபத்திலிருந்து:

‘முகமெதிர்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் சிக்மாவைத்தான் நினைப்பார்கள், ஒன்றையொன்று நேராகப் பார்ப்பது அதுதானே. நான் ‘நாலிட’த்திலேயே நிற்கிறேன்.

கீழக்கரையிலிருந்து:

‘இரட்டைப் பக்கவாட்டை’ நீக்கிவிட்டேன். தலைப்பில் ‘டெல்டா மேற்பொருந்துதல்’ என்றே போகட்டும். ‘அணுக்கள் இரண்டு, சேரும் இடங்கள் நான்கு’ என்ற வரியை அட்டைப் படத்தின் கீழேயே போடுகிறேன். ரீனியத்துக்குப் பக்கத்தில் டெக்னீசியம் எண்களும் வரும். தேவிபட்டினம் தம்பி, அடுத்த முறை தயாரிக்கும்போது நீலம் முழுசாக வந்த பிறகு தள்ளிப் பாருங்கள். தராசு என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.