அவசரச் செய்தியில் ‘சில்ட்ரன்ஸ்’: திருத்துவதா, விடுவதா?

இரு பிள்ளைகளின் தாய் (கேள்வி): பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியை, “ஆல் சில்ட்ரன்ஸ் மஸ்ட் கம் பை எய்ட்” என்று செய்தி அனுப்பினார். ‘சில்ட்ரன்’ என்பதே போதும் என்று நான் எழுதியதும் மற்றப் பெற்றோர் என்னைக் கடிந்துகொண்டனர். அவசரச் செய்தியில் இந்தக் கூடுதல் ‘எஸ்’ஸைத் திருத்தலாமா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்: கட்டாயம் திருத்த வேண்டும், அம்மா. ‘சைல்ட்’ ஒருமை, ‘சில்ட்ரன்’ பன்மை. பன்மைக்கு மேல் இன்னொரு பன்மை எதற்கு? ‘ஃபீட்ஸ்’, ‘பீப்பிள்ஸ்’ ஆகியவையும் இத்தகையவையே. இம்மூன்று வடிவங்களுக்கும் ஆங்கிலத்தில் எங்குமே இடமில்லை.

மொழியியல் மாணவி: ஐயா, ‘ஃபீட்ஸ்’ குறித்து நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், மற்ற இரண்டையும் அதனோடு சேர்க்க முடியாது. பழங்குடி மக்களினங்களின் உரிமைகள் பற்றி 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே ‘பீப்பிள்ஸ்’ இருக்கிறது. ஆட்கள் பலர் என்றால் ‘பீப்பிள்’. இனங்கள் பல என்றால் ‘பீப்பிள்ஸ்’. “மெனி பீப்பிள்ஸ் கேம் டு த வெட்டிங்” என்று எழுதினால், திருமணத்திற்குப் பல இனங்கள் வந்தன என்றாகிவிடும்.

‘சில்ட்ரன்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘ரு’ என்ற விகுதி பெற்ற ஒரு பன்மை இருந்தது. அது பின்னர்ச் ‘சில்ட்ரெ’ என்று தேய்ந்தது. அந்த விகுதி பன்மையைக் காட்டுகிறது என்ற உணர்வே மக்களிடம் மங்கியபோது, அக்காலத்தில் வழங்கிய ‘என்’ விகுதியை அதன் மேல் சேர்த்துச் ‘சில்ட்ரன்’ ஆக்கினர். ஆகவே, இன்று நாம் சரியென்று கொள்ளும் வடிவமே இரட்டைப் பன்மை. ஆசிரியை சேர்த்தது மூன்றாவது விகுதி. நம் ‘அவர்கள்’ பிறந்த விதமும் ஏறக்குறைய இதுதான். ‘அவர்’ என்பதில் ஏற்கெனவே பலர்பால் விகுதி உண்டு. அது மரியாதை ஒருமையாகவும் வழங்கியதால் ‘கள்’ தேவைப்பட்டது. அந்த வழக்கம் திருக்குறளிலேயே ‘மற்றையவர்கள்’, ‘பூரியர்கள்’ என்று தென்படுகிறது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்: ‘பீப்பிள்ஸ்’ பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் உங்கள் ஒப்புமை எனக்கே துணை நிற்கிறது. ‘அவர்கள்’ என்பதைத் தமிழுலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. ‘சில்ட்ரன்ஸ்’ அப்படி ஏற்கப்படவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் ‘சில்ட்ரன்’ இன்றும் பன்மையாகவே ஒலிக்கிறது. பிழை தோன்றிய காரணத்தை விளக்கிவிட்டால் அது வழக்காகிவிடாது.

கட்டட மேற்பார்வையாளர்: எங்கள் தொழிலில் ‘ஃபீட்ஸ்’ தினமும் வருகிறது. “எய்ட் ஃபீட்ஸ் லேடர்” என்று நான் அனுப்பியதைப் பொறியாளர் “எய்ட் ஃபுட் லேடர்” என்று திருத்தினார். எட்டு என்ற எண் முன்னால் நிற்கும்போது ஒருமை எப்படிச் சரியாகும்? ‘எஸ்’ஸை மட்டும் நீக்கி ‘ஃபீட்’ என்று எழுதினால் போதாதா?

மொழியியல் மாணவி: போதாது, அண்ணா. அளவு ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் அடையாக நின்றால் ஆங்கிலம் ஒருமையையே கொள்ளும். ஆகவே ‘எய்ட் ஃபுட் லேடர்’. ஏணி எட்டு அடி நீளம் என்று தனியாகச் சொல்லும்போது ‘எய்ட் ஃபீட் லாங்’. உங்கள் பொறியாளர் செய்தது சரி. ‘எஸ்’ இரண்டு இடத்திலும் வராது.

இரு பிள்ளைகளின் தாய்: இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. மறுநாள் அதே ஆசிரியை “சில்ட்ரன்ஸ் ஷூஸ் மஸ்ட் பி பிளாக்” என்று எழுதினார். அதையும் பிழை என்றே நினைத்தேன்.

மொழியியல் மாணவி: அங்கே ‘எஸ்’ வேண்டும், அக்கா, விடுபட்டது அதன் முன் வரவேண்டிய, உடைமையைக் காட்டும் ‘அபாஸ்ட்ரஃபி’ குறி மட்டுமே. பிள்ளைகளுடைய காலணிகள் என்பது பொருள். அடுத்து வரும் சொல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்: காலணி, பூங்கா என்று பிள்ளைகளுக்கு உரிய பொருள் வந்தால் குறி விடுபட்டிருக்கிறது; ‘வர வேண்டும்’, ‘இருக்கிறார்கள்’ என்று வினை வந்தால் ‘எஸ்’ மிகை. என் கைபேசி இதில் மேலும் குழப்புகிறது. கூடுதல் ‘எஸ்’ஸோடு தட்டினால் தானாகவே குறியைச் சேர்த்துவிடுவதால், முதல் செய்தியைப் போன்ற வாக்கியத்தில் ஒரு பிழை போய் வேறொரு பிழை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்: இத்தனை நுட்பம் இருப்பதால்தான் ஆசிரியை எழுதும்போது திருத்த வேண்டும் என்கிறேன். பிள்ளைகளும் அந்தச் செய்தியைப் படிக்கிறார்கள்.

மொழியியல் மாணவி: திருத்துங்கள், ஐயா; ஆனால் அறுபது பேர் பார்க்கும் குழுவில் வேண்டாம், தனிச்செய்தியில் சொல்லலாம். எட்டு மணிக்கு வரவேண்டும் என்பது எல்லாருக்கும் புரிந்துதானே இருந்தது?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்: தனியே சொன்னால் அவர் ஒருவர் திருந்துவார், அந்த வடிவத்தை ஏற்கெனவே படித்துவிட்ட அறுபது பேருக்கு யார் சொல்வது?