டெலிவரி ரிப்போர்ட் வருகிறது, ஆனால் பொருந்தவில்லை: ஒரே எஸ்எம்எஸ் 3 தடவை போகிறது

வெண்ணாற்றங்கரை: மன்னார்குடி பக்கம் எங்கள் குழுவில், சம்பா அறுவடை மெஷின் யார் வயலுக்கு எப்போது வரும் என்று எஸ்எம்எஸ் அனுப்புகிறோம். எஸ்எம்பிபி இணைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் வராவிட்டால் மறுபடி அனுப்பும்படி எழுதியிருக்கிறேன், அதிகபட்சம் 3 தடவை. நேற்று ராத்திரி 10.15க்கு அனுப்பியது எல்லோருக்கும் 3 தடவை போய்விட்டது. கடைசியாகப் போனது நள்ளிரவு தாண்டி. அதில் ‘நாளை காலை’ என்று இருந்ததால், ஒரு பெரியவர் இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று நினைத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மனசு கேட்கவில்லை.

குடந்தை: டெம்ப்ளேட் பதிவில் ஏதோ பிசகு. வாசகம் பொருந்தாவிட்டால் தடுத்துவிடுவார்கள்.

நாகை: எனக்கும் இதேதான், பேங்க் ஓடிபி வரவே மாட்டேன் என்கிறது. சிம்மை மாற்றணுமா?

ஒரத்தநாடு: நாகை, உங்களுடையது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள். குடந்தை சொல்வது நடக்கிறதுதான், ஆனால் தடுத்திருந்தால் மூன்று தடவை போய்ச் சேர்ந்திருக்காதே. தம்பி, அனுப்பியதும் கேட்வே தந்த ஐடியையும், ரிப்போர்ட்டில் வந்த வரியையும் அப்படியே போடுங்கள்.

வெண்ணாற்றங்கரை: இதோ அண்ணா.

```
message_id: 1A2B3C4D
id:439041101 sub:001 dlvrd:001 submit date:2501102215 done date:2501102216 stat:DELIVRD err:000
```

ஒரத்தநாடு: இரண்டும் ஒரே எண்தான். முதலாவது ஹெக்ஸ், இரண்டாவது டெசிமல். செய்தி ஒரு நிமிடத்திலேயே சேர்ந்துவிட்டது, உங்கள் புரோகிராம் இரண்டையும் எழுத்தாக ஒப்பிட்டதால் ரிப்போர்ட் வரவில்லை என்று நினைத்துக்கொண்டது.

```
int("1A2B3C4D", 16)  # 439041101
```

டேட்டாபேஸில் சேமிக்கும்போதே இப்படி மாற்றிவிடுங்கள். ஏ முதல் எஃப் வரை எழுத்து இருந்தால்தான் ஹெக்ஸ் என்று சோதிக்க வேண்டாம். 10234567 மாதிரி வெறும் இலக்கமாகவே ஒரு ஹெக்ஸ் ஐடி வரும், அங்கே ஏமாந்துபோவீர்கள். இந்த கேட்வே ஹெக்ஸ் தருகிறது என்று செட்டிங்கிலேயே எழுதிவையுங்கள்.

அப்புறம், ரிப்போர்ட் வராததைத் தோல்வி என்று எடுக்காதீர்கள், அது ‘தெரியவில்லை’ மட்டுமே. `EXPIRED` என்றால் போன் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ கெடு முடிந்திருக்கும். மெஷின் புறப்பட இன்னும் நேரம் இருந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள். `UNDELIV` வந்தால் உடனே அனுப்பாமல் `err` எண்ணைப் பாருங்கள். அதன் அர்த்தம் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும், பட்டியலை கேட்வேக்காரரிடம்தான் வாங்கணும். ‘நாளை’ என்பதற்குப் பதில் தேதியைப் போடுங்கள்.

வெண்ணாற்றங்கரை: மாற்றிவிட்டேன், பழைய லாக்கை ஓட்டிப் பார்த்ததில் 2 தவிர எல்லாம் பொருந்துகிறது. அந்த இரண்டுக்கும் ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் டேட்டாபேஸில் ஐடி இல்லை.

ஒரத்தநாடு: நீங்கள் ஐடியை எழுதி முடிப்பதற்குள் ரிப்போர்ட் முந்தி வந்திருக்கலாம். பொருந்தாத ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் தனி டேபிளில் வைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி தேடச் சொல்லுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் நேரத்தோடு இங்கே போடுங்கள், பார்ப்போம்.

வெண்ணாற்றங்கரை: சரி அண்ணா. அந்த இரண்டு வீட்டுக்கும் இப்போது போனிலேயே சொல்லிவிடுகிறேன்.