முதலீட்டாளர் கடிதத்துக்கு இரண்டு சொற்கள் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

ம., கோவை

அனைவருக்கும் வணக்கம். நூற்பாலைகளுக்கு இயந்திரப் பராமரிப்பு மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம் நடத்துகிறேன். ஜூலை முதல் செப்டம்பர் வரை வியாபாரம் மந்தம். எங்களிடம் முதலீடு செய்திருப்பவர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறார். தமிழில் எழுதினால் வரிவரியாகப் படிப்பார். அவருக்கு நிலைமையை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் வரவுக்கு மேல் கையிருப்பிலிருந்து போகும் பணத்தை பர்ன் ரேட் என்கிறார்கள், மிச்சக் கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்பதை ரன்வே என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"செப்டம்பர் 30 அன்று வங்கியில் 81 லட்சம் இருந்தது. மாதம் 14 லட்சம் செலவாகிறது. மூன்று மாதத்தில் 15 லட்சம் வந்தது, அதாவது மாதம் 5 லட்சம். ஆகவே எங்கள் எரிவீதம் 9 லட்சம். ஓடுபாதை 9 மாதம், ஜூன் கடைசி வரை."

இரண்டு சொல்லும் எனக்கே ஒட்டவில்லை. உதவுங்கள்.

த., தஞ்சாவூர்

எரிவீதம் வினைத்தொகை, இலக்கணத்தில் பழுதில்லை. ஆனால் பணம் எரிவதாக நாம் சொல்வதில்லையே அம்மா. நம்மிடம் பணம் கரையும். இன்னும் மேலே போனால் வள்ளுவரே சொல் வைத்திருக்கிறார். வலியறிதலில் "ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை" என்கிறார். பொருள் வரும் வழி ஆகாறு, போகும் வழி போகாறு. வருவது சிறிதானாலும் கேடில்லை, போவது அதைவிடப் பெருகாத வரை. உங்கள் முழுக் கடிதமும் இந்த ஒன்றே முக்கால் அடிக்குள் இருக்கிறது. போகாற்று மிகை என்று வையுங்கள். இங்கே ஆறு என்பது நீர் ஓடும் ஆறு அல்ல, வழி. ஆற்றுப்படையில் வருகிற அதே ஆறு. நீராறும் வழியாறும் ஒரே வேரா என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது நெடிய கதை.

இரா., மதுரை

வங்கியில் 30 வருடம் இருந்தவன் நான். இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். வரவைவிடச் செலவு கூடினால் அது நட்டம். மாத நட்டம் 9 லட்சம் என்று எழுதுங்கள், தெருவில் போகிறவருக்கும் புரியும்.

சு., சென்னை

ஐயா, புரியும் என்பது சரி, ஆனால் தவறாகப் புரியும். நான் தணிக்கையாளர், இந்த மாதிரி நிறுவனங்களின் கணக்குதான் அன்றாடம் பார்க்கிறேன். பில் போட்டு இன்னும் பணம் வராவிட்டாலும் லாப நட்டக் கணக்கில் அது வருமானம். கைக்கு வந்தது பூஜ்யம். 3 லட்சத்துக்குக் கணினி வாங்கினால் வங்கியில் இன்றே 3 லட்சம் குறையும், நட்டக் கணக்கில் அது சில வருடங்களுக்குத் தேய்மானமாகப் பரவும். நட்டம் குறைவாகத் தெரிந்துகொண்டே கையிருப்பு தீர்ந்த நிறுவனங்கள் உண்டு. அதனால்தான் தனிச்சொல் தேவை. வங்கியிலிருந்து போனதில் வந்ததைக் கழித்து மிஞ்சுவது மட்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

ம.வுக்கு இரண்டு கேள்விகள். அந்த 15 லட்சம் மாதாமாதம் எப்படி வந்தது? 81 லட்சத்தில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி, டிடிஎஸ் எதுவும் உட்கார்ந்திருக்கிறதா?

ம., கோவை

ஜூலையில் 9, ஆகஸ்டில் 4, செப்டம்பரில் 2. ஜூலைத் தொகையில் 6 லட்சம் ஒரே ஆலை கட்டிய வருடச் சந்தா. வரிப் பாக்கி சுமார் 4 லட்சம் இருக்கிறது.

சு., சென்னை

அப்படியென்றால் சொல்லுக்கு முன்னால் எண்ணைத் திருத்த வேண்டும். அந்த 6 லட்சம் இனி அடுத்த ஜூலையில்தான் வரும். அதை எடுத்துவிட்டால் மூன்று மாதமும் சராசரி வரவு 3 லட்சம். கரைவது 11 லட்சம். வரிப் பணம் உங்கள் கணக்கில் இருந்தாலும் அரசாங்கத்துடையது. டிடிஎஸ் 7ஆம் தேதியும் ஜிஎஸ்டி 20ஆம் தேதியும் போய்விடும். ஆக 77 லட்சம், 11ஆல் வகுத்தால் 7 மாதம். ஜூன் கடைசி அல்ல, ஏப்ரல் கடைசி. அடுத்த சந்தா வருவதற்குள் கை காலி. அந்த 14 லட்சத்துக்குள் இந்த வரி ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மட்டும் இரண்டு முறை கழிக்காதீர்கள்.

ம., கோவை

சேரவில்லை. அப்படியானால் ஏப்ரல்தான்.

வே., சோமனூர்

தங்கச்சி, நான் விசைத்தறி ஓட்டுகிறேன். கூலி பாக்கி நின்று 2 தவணை தவறியதும் வங்கியில் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? ஜூன் என்றே இருக்கட்டும்.

சு., சென்னை

அண்ணே, இது கடன் இல்லை. அவர் பங்கு வாங்கியிருக்கிறார். தவணையும் கிடையாது, ஜப்தியும் கிடையாது. நிறுவனம் மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும், அதனால் அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். புதிதாக முதலீடு திரட்ட ஆறு மாதம் போய்விடுவது சாதாரணம். ஏப்ரல் என்று இன்று சொன்னால் அவர் நாலு பேரிடம் பேச நேரம் இருக்கும். ஜனவரியில் வங்கிக் கணக்கைப் பார்த்து அவரே கண்டுபிடித்தால் எண்ணோடு ஆள் மேலிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

நி., யாழ்ப்பாணம்

சொல்லுக்கு வருவம். எங்கட பக்கம் வட்டி வீதம் எல்லாருக்கும் பழக்கம், ஆனபடியால் வீதம் இருக்கட்டும். ஓடுபாதை எண்டால் பலாலி விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். விமானத்துக்கு அது நீளம், உங்களுக்கு வேண்டியது காலம். தாங்குகாலம் எண்டு வையுங்கோ. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, வலி மிகாது. மற்றதுக்குக் கரைவீதம்.

த., தஞ்சாவூர்

தாங்குகாலம் நன்று. கரைவீதத்தில் கரை முன்னால் நிற்பதால் ஆற்றங்கரையோ வேட்டிக்கரையோ என்று ஒரு கணம் தடுமாறும். மாதக் கரைவு என்றால் தெளிவு. மாதம் வடசொல், எனவே திங்கட் கரைவு.

நி., யாழ்ப்பாணம்

திங்கட் கரைவு எண்டால் தேய்பிறை எண்டெல்லோ வாசிப்பினம், இல்லாட்டித் திங்கட்கிழமைச் செலவு எண்டு. கணக்குக் கடிதத்தில அந்த ஐயம் வரவே கூடாது, ஐயா.

இரா., மதுரை

நட்டம் கூடாது என்று ஒப்புக்கொள்கிறேன். மாதக் கரைவுக்கு என் வாக்கு. ஆனால் தாங்குகாலம் என்றால் ஒரு பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்பது போலக் கேட்கிறது.

ம., கோவை

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் வரைவு:

"எங்கள் மாதக் கரைவு 11 லட்சம். வருடச் சந்தாவாக வந்த 6 லட்சத்தை இதில் சேர்க்கவில்லை. வரி போகக் கையிருப்பு 77 லட்சம். தாங்குகாலம் 7 மாதம், அதாவது ஏப்ரல் கடைசி வரை. டிசம்பருக்குள் புதிய ஆலை ஒன்றாவது சேராவிட்டால் செலவை 10 லட்சமாகக் குறைப்போம். எங்கே குறைப்பது என்ற பட்டியல் இத்துடன் உள்ளது."

சு., சென்னை

நன்றாக இருக்கிறது, ஒன்று தவிர. இன்றே குறைத்தால் கரைவு 7 லட்சம், தாங்குகாலம் 11 மாதம். டிசம்பர் முடியக் காத்திருந்தால் மூன்று மாதத்தில் 33 லட்சம் போய் 44 லட்சம் மிஞ்சும், அது 6 மாதம், மொத்தம் 9 ஆகிறது. ஆட்களை அனுப்புவதென்றால் அறிவிப்புக் காலச் சம்பளம் வேறு. காத்திருப்பதற்கு 2 மாதம் விலை கொடுக்கிறீர்கள் என்பதையும் அவருக்கு எழுதுங்கள்.

ம., கோவை

சேர்க்கிறேன். ஆனால் இன்றே குறைத்தால் போகப்போவது ஆலைக்கு நேரில் போய்ப் பொருத்தித் தரும் இருவர். அவர்கள் இல்லாமல் புது ஆலை சேராது. அதையும் எழுதிவிட்டு முடிவை அவரோடு பேசி எடுக்கிறேன்.

த., தஞ்சாவூர்

தாங்குகாலத்துக்கு நால்வர், கரைவுக்கும் நால்வர் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. மாதம் என்ற சொல்லில் மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். போகாறு பற்றிய மடலை இன்றிரவு அனுப்புகிறேன்.