வாழ்த்து அனுப்பினேன், வந்த பதில் இன்னும் உறுத்துகிறது

வலைப்பணி:
நான்கு வருடம் முன்பு இணையதளம் செய்து கொடுத்த வாடிக்கையாளர். போன மாதம் நிறுவனத்துக்கு 10 ஆண்டு நிறைவு என்று அறிவித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் எழுதினேன். இரண்டே மேசை போட்ட அறையில் அவரை முதலில் சந்தித்ததைக்கூட எழுதினேன். முடிக்கும்போது, "தளத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் சொல்லுங்கள்" என்று சேர்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில்: "நன்றி. இப்போதைக்குத் தேவையில்லை." அந்த இரண்டு மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கணக்குமேசை:
நான் பட்டது வேறு. ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் பார்க்கும்போது இரண்டாவது கிளைக்கு முன்பணம் போயிருப்பது தெரிந்தது. உடனே "புதுக் கிளைக்கு வாழ்த்துகள்" என்று எழுதி, அவருடைய மேலாளரையும் நகலில் சேர்த்தேன். அவர் ஊழியர்களிடம் இன்னும் சொல்லவே இல்லையாம். பத்து நிமிடத்தில் போன். "உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மேலாளர் கேட்கிறார்" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. அவர்களாக வெளியே சொல்லும்வரை இப்போது நான் வாய் திறப்பதில்லை.

அச்சுவேலை:
மின்னஞ்சலே தப்பு. கையால் எழுதி அட்டை அனுப்புங்கள், யாரும் தூக்கிப் போடமாட்டார்கள்.

பழையகை:
அச்சுவேலை, அட்டையிலும் அதே கடைசி வரி இருந்தால் அதே பதில்தான் வரும். வேலை மும்முரத்தில் இருப்பவர் மடலில் எது கேள்வியோ அதற்குத்தான் பதில் சொல்வார். நான் நான்கைந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை. அதில் ஒன்று நான் கண்ணால் பார்த்ததாக இருக்கும், வலைப்பணியின் இரண்டு மேசை மாதிரி. பதில் சொல்லியாக வேண்டிய எதையும் வைப்பதில்லை. பெயருக்குக் கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் சேவைப் பட்டியலையும் சலுகை இணைப்பையும்கூட நீக்கிவிடுவேன். அவராக "புது ஆட்கள் எடுக்கிறோம்" என்று ஏதாவது சொன்னால் குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து அது எப்படிப் போகிறது என்று விசாரிப்பேன். வேலை கேட்பது அப்புறம், தனி மடலில். வலைப்பணி, அந்தப் பதிலுக்கு இப்போது விளக்கம் எழுத வேண்டாம். அவர் தளத்தில் ஏதாவது பக்கம் திறக்காமல் இருப்பது கண்ணில் பட்டால், அதை மட்டும் சொல்லுங்கள்.

அச்சுவேலை:
வாழ்த்தோடு சேர்த்துக் கேட்டு எனக்கு வேலை வந்திருக்கிறதே!

பழையகை:
அவருக்கு அப்போது வேலை இருந்திருக்கும். இல்லாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரக்குவண்டி:
எனக்கு மூன்று மாத பில் பாக்கி வைத்திருப்பவர் புதுக் கிடங்கு திறக்கிறார். வாழ்த்தினால் பாக்கியை மறந்துவிட்டேன் என்று நினைப்பாரா? சும்மா இருந்தால் கோபம் என்று நினைப்பாரா?

வலைப்பணி:
பழையகை, இப்போதுதான் அனுப்பிய மடலைத் திறந்து பார்த்தேன். என் பெயருக்குக் கீழே "இந்த மாதம் மட்டும் கட்டணச் சலுகை" என்று இருக்கிறது.