புதுப்பிப்பு: செக்அவுட் பக்கத்தில் கார்டு தவணை பற்றிய வாசகத்தை மாற்றி எழுதிவிட்டேன்

> ‘மாதம் ₹4,177 மட்டும்’ என்று போட்டால் போதுமா, வட்டியையும் சொல்லணுமா?

சொல்லணும். ₹24,000 ஃபிரிட்ஜுக்கு இப்போது இப்படி இருக்கிறது:

“6 மாதம், மாதம் ₹4,177. ஆண்டு வட்டி 15%. மொத்த வட்டி ₹1,062, அதன் மேல் ஜிஎஸ்டி ₹191. நீங்கள் கட்டுவது ₹25,253.”

‘மட்டும்’ போய்விட்டது.

ஜிஎஸ்டியை நினைவூட்டியவர் கார்டு பிரிவில் வேலை பார்த்த அண்ணன், ரொம்ப நன்றி. வட்டிக்கு 18% வங்கி தனியாகப் பிடிக்கும், தவணைத் தொகைக்குள் அது வராது. வட்டி ₹1,800 என்ற தம்பி, 15%-ஐப் பாதியாக்கியது சரி. ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே, அதை விட்டுவிட்டார்.

அப்புறம், தன் கார்டில் செயலாக்கக் கட்டணமும் பிடித்ததாக ஒரு அக்கா சொன்னார். அது வங்கிக்கு வங்கி மாறுவதால், கார்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எப்படிக் காட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.