நீர்வீழ்ச்சி வரைபா, இலாபப் பாலமா?

கணக்கர், திருக்கோணமலை நகர்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு கருவாட்டுக் கடைக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். போன வருட இலாபம் 840 ஆயிரம், இந்த வருடம் 890 ஆயிரம். விற்பனை அவ்வளவு ஏறியும் இலாபம் ஏன் 50 ஆயிரம்தான் கூடியது என்று முதலாளி கேட்டார். ஒரு வோட்டர்ஃபோல் வரைபு போட்டுக் காட்டினேன். முதல் சலாகை 840. அதன் உச்சியிலிருந்து விற்பனை 325 மேலே போகிறது. பிறகு மீன் கொள்விலை 190, லொறிக்கூலி 65, சம்பளம் 40 என்று படிப்படியாக இறங்குகிறது. வட்டி குறைந்ததால் கடைசியில் 20 ஏறி, 890 சலாகையில் முடிகிறது. தலைப்பில் "நீர்வீழ்ச்சி" என்று போட்டதுதான் வினை. "என்ன தங்கச்சி, இலாபம் விழுந்திட்டுதா?" என்கிறார். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ஆசிரியர், மூதூர்:
படிக்கட்டு வரைபு. ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

மென்பொருள் வேலை, கொழும்பு:
சேர், அந்தப் பெயர் இன்னொன்றுக்குத் தேவை. வங்கி வட்டி சில மாதம் ஒரே மட்டத்தில் நின்று திடீரென்று தாவுமே, அந்தக் கோட்டு வரைபுதான் படிக்கட்டு. இங்கே நடுவிலுள்ளவை பூச்சியத்தில் நிற்காமல் மிதக்கின்றன. மிதவைச் சலாகை வரைபு என்போம்.

விருந்தினர் விடுதி, உப்புவெளி:
எங்கள் மாத வருமானத்தையும் இப்படிப் போட்டேன். 12 மாதமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கடைசியில் போட்ட வருட மொத்தமும் அதன்மேல் ஏறி, நான் உழைக்காத தொகை ஒன்று நிற்கிறது!

கணக்கர்:
அண்ணா, இது மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதற்கல்ல, வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவதற்கு. மாதங்களுக்குச் சாதாரணச் சலாகை போதும். ஆனால் கடைசிச் சலாகைத் தொல்லை எனக்கும் வந்தது. எக்ஸெல் அந்த 890ஐயும் ஓர் ஏற்றமாக எடுத்து, 890இலிருந்து 1,780 வரை தொங்கவிட்டது. அந்தச் சலாகையை மட்டும் தெரிந்து, வலது சொடுக்கில் `Set as total` கொடுத்தால் நிலத்துக்கு வந்துவிடும்.

அதற்கும் முதல் கொள்விலையை −190 என்று போடாமல் 190 என்று அடித்துவிட்டேன். செலவு கூடியது என்றவுடன் கை கூட்டலுக்குத்தான் போகிறது. படி 1,270இல் போய் முடிந்தது. 890க்கும் அதற்கும் இடைவெளி 380. அதில் பாதி 190 என்று கண்டதும் பிழை எங்கே என்று பிடிபட்டது.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கிண்ணியா:
பாலம் என்றால் என்ன? இரண்டு கரையும் நிலத்தில், நடு அந்தரத்தில். இலாபப் பாலம்.

மென்பொருள் வேலை:
ஐயா, பாலத்துக்கு நடுவில் தூண் இருக்கிறதே.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
சரி தம்பி, 2009இல் எங்கள் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் ஏறித்தான் கடந்தோம். அது மிதந்துதான் போனது. மிதவையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரருக்குப் பாலத்தைக் கொடுங்கள்.

கணக்கர்:
இலாபத்துக்குப் போட்டால் இலாபப் பாலம், தலைப்பை மாற்றிவிட்டேன். காசிருப்புக்குப் போடும்போது வரைபின் பொதுப்பெயர் வேண்டுமே. மிதவைச் சலாகை சொல்ல நீளமாக இருக்கிறது, வேறு யாரிடமாவது இருக்கிறதா?