ஸ்டெப்னியில் காற்று இல்லாத ராத்திரி: லேட் ஷிப்ட், ஃபீல்டு விசிட் போறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சிறுசேரி ஷிப்ட்

எனக்கு ஷிப்ட் முடிய ராத்திரி 1.30 ஆகும். சிறுசேரியிலிருந்து பெருங்களத்தூருக்கு ஆபீஸ் கேப், கேளம்பாக்கம் – வண்டலூர் ரோடு வழியா. போன மாசம் ஒரு நாள் கூட வந்த பையன் கண்டிகையில் இறங்கிட்டான். அதுக்கப்புறம் வண்டியில் நானும் டிரைவரும்தான். கொளப்பாக்கம் தாண்டி மரம் அடர்ந்த இடத்தில் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்து பார்த்தா ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. மணி 2.10.

டிரைவர் அண்ணன் வயசானவர், மரியாதையா பேசுறவர். யாருக்கோ போன் போட்டுட்டு, "மச்சான் வண்டி பக்கத்துலதாம்மா இருக்கு, அதுல ஏறிப் போயிடுங்க"ன்னார். பத்து நிமிஷத்தில் வெள்ளை போர்டு கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. நான் ஏறலை. டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு நாலு தடவை அடிச்சேன், எடுக்கலை. தம்பிக்கு லைவ் லொகேஷன் அனுப்பியிருந்தேன். ஆனா ஷிப்ட் முடியுறதுக்கு முன்னாடி 1 மணிக்கே ஒரு மணி நேரத்துக்குத்தான் போட்டது, 2 மணிக்கே அது நின்னு போச்சு. அம்மா "ஆபீஸ் வண்டிதானே"ன்னு நிம்மதியா தூங்கிட்டு இருந்தாங்க. நான் வரலைன்னு காலைல 5 மணி வரைக்கும் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

கடைசியில் 112 அடிச்சேன். "எந்த ரோடு, பக்கத்துல என்ன இருக்கு"ன்னு கேட்டாங்க. தினமும் போற வழிதான், வாய்ல வரலை. டிரைவர்தான் பின்னாலிருந்து "வண்டலூர் ஜூவுக்கு முன்னாடின்னு சொல்லும்மா"ன்னார். ரோந்து வண்டி வந்து வீடு வரைக்கும் கூட வந்துச்சு. அவரும் அவர் மச்சானும் நல்லவங்களாவே இருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது எப்படித் தெரியும்? நீங்கல்லாம் என்ன ஏற்பாடு வெச்சிருக்கீங்க?

பழைய டெஸ்க் ஆள்

ஓஎம்ஆர்ல 9 வருஷம் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் பார்த்தவன். நீங்க அந்த வண்டியில் ஏறாததுதான் அன்னைக்கு நடந்த ஒரே சரியான காரியம். வண்டி மாறணும்னா டெஸ்க்கிலிருந்துதான் மாறணும். புது வண்டி நம்பரும் டிரைவர் பேரும் உங்க போனுக்கு வந்த பிறகுதான் கதவைத் தொடணும். அப்பவும் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் ஏறணும்.

ஆனா தப்பு பஞ்சர்ல ஆரம்பிக்கலை, கேட்டிலேயே ஆரம்பிச்சிருச்சு. பொண்ணு கடைசி டிராப்பா வந்தா ரூட்டைத் திருப்பிப் போடணும், இல்லைன்னா எஸ்கார்ட் ஏறணும். டிரிப் ஷீட் போடும்போது சரியாத்தான் போடுவோம். ராத்திரி 1 மணிக்கு, கடைசியா இறங்க வேண்டிய ஆம்பளை "நான் பைக்ல போறேன்"னு கேன்சல் பண்ணுவார். ஷீட்ல ஒரு பேரை அடிச்சிட்டு வண்டியை விட்டுடுவாங்க, அடுத்த பேர் கடைசி ஆகிறதை யாரும் கவனிக்க மாட்டாங்க. நான் பார்த்ததில் பாதிக்கு மேல இப்படித்தான். அதனால ஏறும்போது ஷீட்டை வாங்கி, உங்களுக்குக் கீழே யார் பேர் இருக்கு, அந்த ஆள் வண்டியில் இருக்காரான்னு பாருங்க. எஸ்கார்ட் வர 20 நிமிஷம் ஆகும்னு சொன்னா, களைப்பில் "வேண்டாம்"னு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பாதீங்க. அப்புறம் விசாரணை வந்தா அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்து நீட்டுவாங்க.

இன்னொண்ணு. "டிராப் முடிஞ்சுது"ன்னு டிரைவரே அமுக்கினா அது கணக்கில்லை. நீங்க வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்தின பிறகு டெஸ்க் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்கணும்.

கார்த்தி மடிப்பாக்கம்

ஏன் இவ்வளவு சிக்கல்? பவர் பட்டனை மூணு தடவை அமுக்குங்க. எந்த போனா இருந்தாலும் 112க்குப் போயிடும், அவங்களுக்கே லொகேஷன் தெரிஞ்சிடும்.

பழைய டெஸ்க் ஆள்

எந்த போனா இருந்தாலும்னு சொல்லாதீங்க தம்பி. சில போன்ல மூணு, சில போன்ல அஞ்சு. சிலதுல செட்டிங்ஸ்ல போய் நாமளே ஆன் பண்ணணும். ஆபத்து நேரத்தில் அமுக்கிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்லை இது. இன்னைக்கே செட்டிங்ஸைத் திறந்து எமர்ஜென்சி பகுதியில் என்ன போட்டிருக்குன்னு படிங்க. லொகேஷன் போய்ச் சேர்ந்தாலும் துல்லியமா இருக்கும்னு நம்பி இருக்கக் கூடாது. ரோடு பேர், எந்த ஊர் தாண்டி, எந்தப் பக்கம் பார்த்துப் போற வண்டி, இந்த மூணையும் வாயால சொல்லணும். தினமும் போற வழியில் அஞ்சு அடையாளத்தை மனசில் வெச்சுக்கிட்டா போதும்.

மலை நர்ஸ்

நான் கல்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியர். எனக்கு ராத்திரி கேப் கிடையாது, ஸ்கூட்டிதான். வெள்ளிமலையை விட்டு உள்ளே போனா பல இடத்தில் சிக்னலே இல்லை, அதனால பட்டன் கதையெல்லாம் எங்களுக்கு உதவாது. பிரசவமான வீட்டுக்குப் போய்ட்டு ஒரு தடவை திரும்பும்போது, "இந்தப் பக்கம் போனா சீக்கிரம் இறங்கிடலாம் சிஸ்டர்"னு ஒரு பெரியவர் சொன்னார்னு வேற பாதையில் இறங்கினேன். பாதி வழியில் வண்டி வழுக்கி முழங்கால் வீங்கிப் போச்சு. எங்க சுகாதார நிலையத்துல எல்லாரும் தேடித்தான் இருக்காங்க, ஆனா நான் போறேன்னு சொன்ன பாதையில். ராத்திரி 8 மணிக்கு விறகு எடுத்துட்டு வந்தவங்கதான் என்னைப் பார்த்தாங்க.

இப்ப கிளம்பும்போது எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்தப் பாதையில் திரும்புவேன், எத்தனை மணிக்குள்ள வருவேன்னு சீட்டு எழுதி ஃபார்மசி அக்காகிட்ட குடுத்துடுவேன். சிக்னல் கிடைக்கிற மேடு எதுன்னு எனக்குத் தெரியும். அங்கே வந்ததும் ஒரு மிஸ்டு கால். 5 மணி வரைக்கும் அது வரலைன்னா அக்கா ஆள் அனுப்பிடுவாங்க. பாதையை மாத்தணும்னா அந்த மேட்டுக்குத் திரும்பி வந்து சொல்லிட்டுத்தான் மாத்துவேன்.

மஞ்ச போர்டு

நான் கேப் ஓட்டுறேன். நீங்க கேட்கிறது ஆக்சிடென்ட் ஆகாம எப்படிப் போறதுன்னுதானே? ராத்திரி 3 மணிக்கு மேல எங்களுக்குக் கண்ணு சொக்கும். நாலாவது டிரிப் அது. டிரைவர் ஜன்னலை இறக்கி இறக்கி ஏத்தினா, பிரேக்கைத் தாமதமா போட்டா, கேட்டதுக்குப் பதில் வராம இருந்தா "அண்ணே, டீ குடிச்சிட்டுப் போலாம்"னு சொல்லுங்க. நாங்களா நிறுத்தினா லேட்டுன்னு பிடிச்சுக்குவாங்க, நீங்க சொன்னா நிறுத்தலாம். ஸ்டெப்னி கதை எனக்கு ஆச்சரியமில்லை. ஷிப்ட் மாறும்போது பகல் டிரைவர் ஸ்டெப்னியை மாட்டிட்டு, பஞ்சர் டயரை அப்படியே டிக்கியில் போட்டுட்டுப் போயிடுவார்.

சிறுசேரி ஷிப்ட்

நான் கேட்டது அது இல்லை அண்ணா, ஆனா அன்னைக்கு எங்க டிரைவரும் ஜன்னலை இறக்கிக்கிட்டேதான் வந்தார். இப்பதான் புரியுது.

மலை நர்ஸ் அக்கா சொன்னதை வெச்சு தம்பிகிட்ட பேசி முடிச்சிட்டேன். ஏறினதும் வண்டி நம்பர் போட்டோ, கூடவே "2.35க்கு வீட்டில்". லைவ் லொகேஷன் 8 மணி நேரத்துக்கு. 2.35க்கு அவன் போன்ல அலாரம் அடிக்கும். நான் மெசேஜ் போடலைன்னா 2.45க்கு என்னைக் கூப்பிடுவான், எடுக்கலைன்னா டெஸ்க்கை, அவங்களும் எடுக்கலைன்னா 2.55க்கு 112. என்னைக் கேட்டுட்டுச் செய்யலாமான்னு யோசிக்கவே கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். முதல் வாரத்தில் ஒரு நாள் மெசேஜ் போட மறந்து படுத்துட்டேன். டெஸ்க்குக்கே போன் போயிடுச்சு. அவனைத் திட்டலை.

ஒரு சந்தேகம். அன்னைக்கு நான் கதவை லாக் பண்ணி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அது சரியா?

பழைய டெஸ்க் ஆள்

சரிதான். டிரைவர் வெளியே, நீங்க உள்ளே. ஆனா ஏறும்போதே பின் கதவை உள்ளிருந்து ஒரு தடவை திறந்து பார்த்துக்கணும். சைல்டு லாக் போட்டிருந்தா உள்ளிருந்து திறக்காது.

மஞ்ச போர்டு

நான் ஒத்துக்க மாட்டேன் சார். அந்த ரோட்ல ராத்திரி லாரி ஓடுது. ஓரத்துல நிக்கிற வண்டியில் பின்னாடி வந்து இடிச்சா பின் சீட்லதான் அடி. இண்டிகேட்டர் ரெண்டையும் போட்டு, முக்கோண போர்டை நல்லா தள்ளிப் பின்னாடி வெச்சுட்டு, ரோட்டை விட்டு விலகி நிக்கணும்.

பழைய டெஸ்க் ஆள்

2 மணிக்கு, ஒத்தைப் பொண்ணு, இருட்டு ரோட்டோரத்துலயா?

மஞ்ச போர்டு

அதான் சார் எனக்கும் தெரியலை. அன்னைக்கு அந்த வண்டி வளைவுல நின்னுச்சா, நேர் ரோட்லயாம்மா?